கிரந்த எழுத்தை எங்கே வைத்துக்கொள்ளலாம், எங்கே மாற்ற வேண்டும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். மலர்கள், அழைப்பிதழ்கள், கதைப் புத்தகங்கள், பாடக் கையேடுகள் என்று எது வந்தாலும் முதல் பக்கத்திலேயே ஒரு ஷ-வோ ஜ-வோ நின்றுகொண்டு வழக்கைத் தொடங்கிவிடும். எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கிரந்த எழுத்துகள் எவை? அவையும் தமிழெழுத்துதானே?

இன்று நாம் புழங்குபவை ஜ, ஷ, ஸ, ஹ என்ற நான்கும், க்ஷ என்ற கூட்டெழுத்தும், ஸ்ரீ என்ற ஒற்றை வடிவமும். ஶ என்று இன்னொன்றும் உண்டு. அதை அச்சில் காண்பது அரிது. தமிழின் 247 எழுத்துகளில் இவை சேரா.

ஆனால் இவை வெளியூரிலிருந்து வந்தவையும் அல்ல. கிரந்தம் என்பது வடமொழியை எழுதுவதற்காகத் தமிழ் மண்ணிலேயே வளர்ந்த ஒரு முழு எழுத்துமுறை. பல்லவர் காலத்திலிருந்து அது கல்லிலும் செப்பேட்டிலும் தமிழுக்குப் பக்கத்திலேயே இருந்து வந்திருக்கிறது. சோழர் கல்வெட்டு ஒன்றைப் பாருங்கள்: ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்ற தொடக்க மங்கலம் கிரந்தத்தில் இருக்கும், அடுத்த சொல்லிலிருந்து தமிழ் எழுத்து தொடங்கிவிடும். எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்பதில் கல்வெட்டை எழுதியவருக்குத் தெளிவு இருந்தது. நமக்கு வேண்டியதும் அந்தத் தெளிவுதான்.

ஃப என்பது கிரந்தம் அன்று. ஆய்தமும் பகரமும் தமிழுக்கு உரியவை. அவற்றைச் சேர்த்து எழுதும் பழக்கம்தான் புதியது.

தொல்காப்பியமே வடவெழுத்தை நீக்கச் சொல்லிவிட்டதே, பிறகு என்ன பேச்சு?

சொன்னது உண்மை. எச்சவியலில் வருவது இது: “வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே.” ஒரீஇ என்றால் நீக்கி. வடவெழுத்தை விலக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வருவதுதான் செய்யுளில் வடசொல் என்று எண்ணப்படும். கவனிக்க வேண்டியது, விலக்கச் சொன்னது எழுத்தை, சொல்லை அன்று. அடுத்த நூற்பா இன்னும் ஒரு படி இறங்கி வருகிறது: “சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்.” உருச்சிதைந்து வந்தாலும், தமிழோடு இயைந்துவிட்டால் தள்ளமாட்டார்கள்.

இந்த ‘இயைந்தன’ என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். எழுத்தை மாற்றிய பிறகு சொல் தமிழோடு இயைகிறதா? வாசிக்கிறவர் தடுக்கி விழாமல் போகிறாரா? இதற்கு விடை ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு. ஆகவே “ஜ வேண்டுமா, வேண்டாமா” என்று எழுத்தை வைத்துக் கேட்டால் பதில் கிடைக்காது. சொல்லை வைத்துக் கேட்க வேண்டும்.

கிரந்தம் வேண்டாம் என்றால் எல்லா இடத்திலும் ச போட்டுவிட்டால் போதுமா?

போதாது. இன்று கிரந்தத்தை விலக்குகிறவர்கள் செய்யும் பெரிய பிழை இதுதான். ஜ, ஷ, ஸ மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு ச ஆக்குவது நம் மரபே அன்று.

நன்னூல் பதவியலில் வடமொழியாக்கம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் பவணந்தியார் எழுத்துக்கு எழுத்து, இடத்துக்கு இடம் மாற்றம் சொல்கிறார். ஷ சொல்லின் முதலில் வந்தால் ச ஆகும்: ஷண்முகன், சண்முகன். நடுவில் வந்தால் ட ஆகும்: விஷம், விடம், வருஷம், வருடம். ஸ முதலில் ச ஆகும்: சபை. நடுவில் வந்தால் த-வும் ஆகும்: மாஸம்தான் மாதம் ஆயிற்று. ஜ முதலில் ச ஆகும்: சயம். நடுவில் ய ஆவதும் உண்டு: பங்கஜம், பங்கயம். ஹ முதலில் வந்தால் மெய் மறைந்து உயிர் மட்டும் நிற்கும்: ஹரன், அரன். நடுவில் க ஆகும்: மோஹம், மோகம். க்ஷ நடுவில் இரண்டு க ஆகும்: பக்ஷம், பக்கம்.

இது ஏட்டில் மட்டும் இருந்த விதி அன்று. கம்பன் பாத்திரங்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். ஜானகி அங்கே சானகி, ஹனுமான் அனுமன், விபீஷணன் வீடணன், லக்ஷ்மணன் இலக்குவன். நான்கு பெயரில் நான்கு விதி இருக்கிறது. விபீஷணனை ‘விபீசணன்’ என்று எழுதினால் கிரந்தம் போய்விடும், மரபு வந்துவிடாது.

பக்தி இலக்கியத்தில் இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். திருவாய்மொழியில் பன்னிரு நாமப்பாட்டு என்று ஒரு பதிகம். திருமாலின் பன்னிரண்டு பெயர்களையும் வரிசையாக வைத்து நம்மாழ்வார் பாடியது. அதில் ஹ்ருஷீகேசன் ‘இருடீகேசன்’ ஆகிறான், பத்மநாபன் ‘பற்பநாபன்’ ஆகிறான், ஸ்ரீதரன் ‘சிரீதரன்’ ஆகிறான். பெரியாழ்வார் தம் சொந்தப் பெயரான விஷ்ணுசித்தன் என்பதையே ‘விட்டுசித்தன்’ என்று பாட்டில் வைக்கிறார். இறைவன் பெயரை மாற்றுவது அபசாரம் என்று இவர்கள் நினைக்கவில்லை. அதே பாசுரங்களுக்குப் பின்னால் வந்த வியாக்கியானங்களோ மணிப்பிரவாளம். வடசொல் அங்கே வடசொல்லாகவே, கிரந்தத்தோடு கலந்து வரும். பாட்டுக்கு ஒரு முறை, சாத்திர விளக்கத்துக்கு ஒரு முறை என்று ஒரே மரபுக்குள் இரண்டும் நடந்திருக்கின்றன.

உமறுப்புலவரும் சீறாப்புராணத்தில் இந்த வழியில்தான் போனார். கதீஜா அவரிடம் கதீசா, ஜிப்ரீல் சிபுறயீல்.

ஆனால் ச போட்டால் உச்சரிப்பு கெட்டுவிடாதா?

சில இடத்தில் கெடும். பல இடத்தில் ஒன்றும் ஆகாது. எழுத்து எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

தமிழில் ச-வுக்கு ஒரே ஒலி இல்லை. சட்டை, சபை என்று சொல்லின் முதலிலும், பாசம், வாசல் என்று இரண்டு உயிருக்கு நடுவிலும் நம்மில் பெரும்பாலோர் அதை ஸ போலத்தான் ஒலிக்கிறோம். பச்சை என்று இரட்டித்தால் வல்லோசை. மஞ்சள், இஞ்சி என்று ஞ்-க்குப் பின்னால் வந்தால் அது ஜ-வின் ஒலி. யாரும் சொல்லித்தராமலே நாம் இப்படி வாசிக்கிறோம்.

ஆகவே முதலிலும் உயிர்களுக்கு நடுவிலும் வரும் ஸ-வை ச ஆக்கினால் இழப்பு எதுவும் இல்லை. ஸங்கீதம் என்று எழுதினாலும் சங்கீதம் என்று எழுதினாலும் வாயில் வருவது ஒன்றே. பிரஸாதம், பிரசாதம் இரண்டும் அப்படியே. ஞ்-க்குப் பின்னால் ஜ எழுதவும் தேவையே இல்லை. பஞ்சாப், ஆஞ்சநேயர், அஞ்சலி என்று ச போட்டுத்தான் எழுதுகிறோம். ஒருவரும் தவறாக வாசித்துக் கேட்டதில்லை. ‘ரஞ்ஜனி’ என்று எழுதுவது வீண் வேலை. உயிர்களுக்கு நடுவில் வரும் ஹ-வுக்கும் இதே நிலை. மகன், அகம் என்பவற்றில் க எப்படி மெலிந்து ஒலிக்கிறதோ அப்படியே மகா, மோகம், முகம்மது என்பவற்றிலும் ஒலிக்கும். இந்த இடங்களில் கிரந்தத்தை விட்டுவிடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

இழப்பு வரும் இடங்கள் வேறு. சொல் முதலில் வரும் ஜ, எங்கே வந்தாலும் ஷ, சொல்லின் இறுதியிலோ வேறு மெய்க்கு முன்னாலோ புள்ளியோடு நிற்கும் ஸ். இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

விஷயம், விசயம், விடயம்: எது சரி?

விடயம் நன்னூல் விதிப்படி அமைந்தது. நடுவில் வரும் ஷ அங்கே ட ஆகியிருக்கிறது. இலங்கைத் தமிழர் செய்தியிலும் பேச்சிலும் இதைச் சரளமாகப் புழங்குகிறார்கள். தமிழ்நாட்டில் கிரந்தம் தவிர்ப்பவர்கள் பெரும்பாலும் விசயம் என்று எழுதுகிறார்கள்.

விசயத்தில் எனக்கு ஒரு தடை உண்டு. விஜயம் என்ற வேறொரு சொல்லும் மாற்றினால் விசயம்தான் ஆகும். “அமைச்சரின் விசயம்” என்று ஒரு தலைப்பு இருந்தால், அமைச்சர் வந்து போனதா, அமைச்சரைப் பற்றிய சேதியா? ஒரே வடிவத்துக்குள் இரண்டு சொல்லைத் திணித்துவிட்டால் வாசகர்தான் திணறுவார். நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: கட்டுரையில் விடயம், அல்லது இடத்துக்கு ஏற்றபடி செய்தி, பொருள், சங்கதி. கதையில் பாத்திரம் பேசும்போது விஷயம். “ஒரு விஷயம் சொல்லணும், வா” என்று சொல்லும் அக்காவின் வாயில் விடயத்தைப் போட்டால், அவர் சென்னைக்காரராக இருந்தால், அது அவர் பேச்சாகவே இருக்காது.

நஷ்டம், கஷ்டம், புஸ்தகம், பக்ஷி மாதிரி மெய்யோடு மெய் சேர்ந்து வரும் சொற்களை எப்படி மாற்றுவது?

தமிழில் எந்த மெய்க்குப் பக்கத்தில் எந்த மெய் நிற்கலாம் என்று வரையறை இருக்கிறது. க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே சேரும்: பக்கம், பச்சை, பத்து, உப்பு. ட், ற் இரண்டும் அப்படியல்ல. அவற்றின் பின் க, ச, ப வரலாம்: கட்சி, முயற்சி, கற்பு. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பழைய மாற்றங்கள் எல்லாம் தாமே விளங்கும்.

புஸ்தகம் ‘புச்தகம்’ ஆக முடியாது. ச்-க்குப் பின்னால் த நிற்காது. ஆகவே ஸ் த்-ஆகி, புத்தகம். யானையின் மஸ்தகம் அப்படித்தான் மத்தகம். நஷ்டம் நட்டம், துஷ்டன் துட்டன். சிவனின் எட்டு வீரத்தலங்கள் அட்டவீரட்டம். பக்ஷி ‘பக்சி’ ஆக முடியாது. கட்சிக்கு ஒத்த பட்சி ஆயிற்று. உத்ஸவம் முயற்சிக்கு ஒத்த உற்சவம் ஆயிற்று. நம்மாழ்வாரின் பற்பநாபனில் உள்ள ற்ப-வும் இதே வழிதான். சேரவே முடியாத இடத்தில் ஒரு உகரத்தையோ இகரத்தையோ நடுவில் வைத்துப் பிரித்துவிடுவார்கள்: ஈஸ்வரன் ஈசுவரன், பாஸ்கரன் பாசுகரன், ஸ்நேகம் சிநேகம்.

விதி சரியாக இருந்தும் சொல் கைகொடுக்காமல் போகும் இடங்கள் உண்டு. கஷ்டம் விதிப்படி கட்டம். ஆனால் கட்டம் என்றால் நமக்குச் சதுரம். பாஷை விதிப்படி பாடை. அதைச் சொன்னால் நினைவுக்கு வருவது சவம் தூக்குவது. கந்த சஷ்டி விதிப்படி சட்டி. அது அடுப்பில் இருப்பது. “சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்” என்ற பழமொழிக்கு, சஷ்டி விரதம் இருந்தால் அகப்பையில், அதாவது கருப்பையில், பிள்ளை வரும் என்று பொருள் சொல்லும் வழக்கமே இந்த ஒற்றுமையால் வந்ததுதான்.

இப்படி வேறு சொல்லோடு மோதினால் எழுத்தை மாற்றுவதை விட்டுவிட்டுச் சொல்லையே மாற்றுங்கள். பாஷைக்கு மொழி இருக்கிறது. கஷ்டத்துக்குத் துன்பம், சிரமம், தொல்லை என்று இடத்துக்கு ஒன்று இருக்கிறது. கந்த சஷ்டிக்கு மாற்றுச் சொல் இல்லை. அது ஒரு விழாவின் பெயர். அங்கே ஷ இருக்கட்டும்.

என் பெயரில் ஜ, ஷ இரண்டும் இருக்கின்றன. தமிழில் எழுதும்போது மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. பெயர் உங்களுடையது. மாற்றிக்கொள்ள விரும்பினால் மாற்றிக்கொள்ளுங்கள். அதுவும் உங்கள் உரிமை. சுவாமி வேதாசலம் 1916-இல் மறைமலையடிகள் ஆனார். அவர் எழுத்தை மட்டும் மாற்றவில்லை. வேதத்துக்கு மறை, அசலத்துக்கு மலை என்று பெயரின் பொருளையே தமிழில் வைத்துக்கொண்டார். அது அவரே, தமக்குத் தாமே, செய்துகொண்டது.

மற்றவர் பெயரில் நாம் கைவைப்பது வேறு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஆண்டு மலரில், கட்டுரை தந்தவர்கள் பெயரையெல்லாம் நான் ‘தூய தமிழில்’ திருத்திவிட்டேன். ராஜேஷ் ‘இராசேசு’ ஆனார். மலர் வெளிவந்த அன்று அவர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “இது யாருங்க? நான் எழுதினதுதான், ஆனா என் பேரு இல்லையே” என்று கேட்டார். கோபம்கூட இல்லை, முகம் வாடியிருந்தது. அவர் அம்மாவிடம் காட்டுவதற்காக இரண்டு பிரதி கேட்டு வைத்திருந்தவர். அதற்குப் பிறகு உயிரோடிருக்கும் ஒருவர் பெயரை அவரைக் கேட்காமல் நான் தொட்டதில்லை. சான்றிதழ், விண்ணப்பம், பத்திரம் போன்றவற்றில் இன்னும் கவனம் வேண்டும். எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருப்பதுதான் அங்கே முக்கியம்.

இதிகாசப் பாத்திரங்கள், தெய்வங்கள், பழைய அரசர்கள் பெயர்களுக்கு இந்தத் தடை இல்லை. அனுமன், இலக்குவன், சண்முகன், இரணியன் எல்லாம் நூற்றாண்டுகளாகத் தமிழில் வாழ்கிறவர்கள். அவற்றைக் கிரந்தத்துக்குத் திருப்பி எழுதுவதுதான் எனக்குப் புரிவதில்லை.

ஊர்ப்பெயர்களில்?

தமிழில் வழங்கும் வடிவம் இருந்தால் அதையே எழுதுங்கள். ஓசூர், ஒகேனக்கல், ஐதராபாத், இமயமலை ஆகியவற்றில் ஹ எழுத ஒரு காரணமும் இல்லை. ஸ்ரீரங்கத்துக்குத் திருவரங்கமும், ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திருவில்லிபுத்தூரும் இருக்கின்றன. அஞ்சல் முகவரியிலும் பயணச்சீட்டிலும் மட்டும் அங்கே பதிவாகியிருக்கும் வடிவமே நல்லது.

ஜனவரி, ஜப்பான், ஹைட்ரஜன் போன்றவற்றை என்ன செய்வது?

இங்கே ஒரே விடை இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பதுதான் தீர்மானிக்கும்.

வேதியியலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் படிப்பது ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன். இலங்கைப் பிள்ளைகள் படிப்பது ஐதரசன், ஒட்சிசன், நைதரசன். இலங்கை வடிவங்கள் தமிழ் ஒலிமுறைக்கு நன்றாக இயைந்திருக்கின்றன; கிரந்தமே இல்லாமல் ஒரு முழு அறிவியல் பாடத்தை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் மதுரைப் பத்தாம் வகுப்பு மாணவிக்குக் கையேடு எழுதும்போது ஐதரசன் என்று எழுதமாட்டேன். அவள் பாடநூலில் இல்லாத சொல்லைத் தந்து தேர்வுக்கு முன்னால் குழப்பக் கூடாது. யாழ்ப்பாண மாணவருக்கு எழுதினால் ஹைட்ரஜன் என்று எழுதமாட்டேன்.

ஜப்பானைச் சப்பான் என்று எழுதினால் வாசிப்பவர் ஸ-ஒலியில் தொடங்குவார். இலங்கையில் பழைய எழுத்துகளில் யப்பான் என்று காணலாம். ஜ-வுக்கு ய என்ற பழைய வழியை அது நினைவூட்டுகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு நான் ஜப்பான் என்றே விடுகிறேன். மாதப் பெயர்களில் சனவரி, சூன், சூலை என்று எழுதும் இதழ்கள் இருக்கின்றன. அங்கே அதைத் தொடர்வேன். மற்ற இடத்தில் ஜனவரி, ஜூன், ஜூலை. ஒரே நூலில் 12-ஆம் பக்கம் சூன், 40-ஆம் பக்கம் ஜூன் என்று வருவதை மட்டும் விடமாட்டேன்.

வெளிநாட்டுச் சொல்லாக இருந்தும் நெடுங்காலம் பழகியவை வேறு. ஜன்னல் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. சன்னல் என்று எழுதினால் யாருக்கும் புரியாமல் போவதில்லை. ஓட்டல், இந்தி, ரோசா ஆகியவையும் அப்படியே. பஸ் மட்டும் மாறாது. உகரம் சேர்த்தால் பசு ஆகிவிடும்! அதற்குத்தான் பேருந்து என்ற அருமையான சொல் இருக்கிறது.

ஒரு பத்தியை எடுத்து முழுசாகத் திருத்திக் காட்ட முடியுமா?

ஒரு கோயில் விழா அறிவிப்பு, வழக்கமாக வரும் மாதிரியில்:

“ஸ்ரீ லக்ஷ்மி நரஸிம்ஹ ஸ்வாமி கோயிலில் இந்த வருஷ உத்ஸவம் ஜூன் 12 அன்று ஆரம்பம். பக்த ஜனங்கள் ஸகுடும்பமாக வந்து, ஸ்வாமி தரிசனம் செய்து, பிரஸாதம் பெற்றுச் செல்லவும். அன்று காலை ஒரு ஹோமமும், மாலை அந்த ஸபையில் ஸங்கீதக் கச்சேரியும் நடக்கும்.”

கோயிலின் பெயரைத் தொடாமல் விடுகிறேன்; பலகையிலும் ரசீதிலும் இருப்பது அதுதான். வருஷம் வருடமாகும். உத்ஸவத்தை உற்சவம் என்று எழுதலாம், திருவிழா இன்னும் நன்று. ஆனால் ‘வருட திருவிழா’ என்று நிறுத்தக் கூடாது. ‘வருடத் திருவிழா’ என்று ஒற்று வர வேண்டும். பக்த ஜனங்கள், ஸகுடும்பமாக: இவற்றைச் சனங்கள், சகுடும்பமாக என்று ஆக்கலாம்தான். அடியார்கள், குடும்பத்தோடு என்று நேராகவே சொல்லிவிடலாமே. ஸ்வாமி சுவாமியாகும், பிரஸாதம் பிரசாதமாகும். ஹோமம்தான் இந்தப் பத்தியில் கண்ணி. விதிப்படி அது ஓமம். “ஓர் ஓமமும்” என்று போட்டால் ஓமத்திரவம் காய்ச்சும் ஓமம் நினைவுக்கு வரும். வேள்வி என்று மாற்றுகிறேன். கடைசியில் அந்த ஸபை ‘அந்தச் சபை’ ஆகும்.

திருத்தியபின்: “ஸ்ரீ லக்ஷ்மி நரஸிம்ஹ ஸ்வாமி கோயிலில் இந்த வருடத் திருவிழா ஜூன் 12 அன்று தொடங்குகிறது. அடியார்கள் குடும்பத்தோடு வந்து, சுவாமியைத் தரிசித்து, பிரசாதம் பெற்றுச் செல்லுமாறு வேண்டுகிறோம். அன்று காலை ஒரு வேள்வியும், மாலை அந்தச் சபையில் சங்கீதக் கச்சேரியும் நடைபெறும்.”

பலர் தவறவிடுவது அந்த ஒற்றுதான். கிரந்த எழுத்துக்கு முன்னால் வல்லினம் மிகாது. அதையே ச ஆக்கிவிட்டால் மிகும். அந்த ஜன்னல், ஆனால் அந்தச் சன்னல். ஹ-வை நீக்கினால் சொல் உயிரெழுத்தில் தொடங்கும். அப்போது ஒரு ஹோட்டல், ஓர் ஓட்டல் ஆகும். எழுத்தை மாற்றியவர் அதற்கு முந்தைய சொல்லையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கணினியில் ‘தேடி மாற்று’ கொடுத்து ஒரே நொடியில் முடித்துவிடக் கூடாதா?

கூடாது. ஸ-வுக்குப் பதில் ச என்று கொடுத்தால் பஸ் ‘பச்’ ஆகும். ஷ-வுக்குப் பதில் ச என்று கொடுத்தால் கிருஷ்ணன் ‘கிருச்ணன்’ ஆவார். க்ஷ-வைக் கணினி தனி எழுத்தாக வைத்திருக்கவில்லை. க், ஷ இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. ஆகவே லக்ஷ்மியும் ‘லக்ச்மி’ ஆகிவிடுவாள்.

யாரோ அப்படிச் செய்து வைத்த கோப்பு உங்களிடம் வந்தால், கெட்ட இடங்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மேலே சொன்ன விதிப்படி ச்-க்குப் பின்னால் ச மட்டுமே வரலாம். புணர்ச்சியில் நடுவே ஓர் இடைவெளி இருக்கலாம். அதை மீறியவற்றை, regex தேடலை இயக்கிவிட்டுக் கொடுத்தால், இந்தத் தேடல்கோவை பிடித்துக் கொடுக்கும்:

```
ச்(?! ?ச)|க்ச
```

‘அந்தச் சபை’ இதில் சிக்காது. ‘பச்’, ‘கிருச்ணன்’, ‘லக்ச்மி’ மூன்றும் சிக்கும். ‘விசம்’ போன்றவை சிக்காது. அவற்றை வாசித்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஸ்ரீ என்று தேடினால் சில பக்கங்களில் கிடைப்பதே இல்லை. ஏன்?

பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் அந்த வடிவத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ஸ-வை வைத்து ஒன்று. ஒருங்குறியில் 2005-இல் சேர்ந்த ஶ-வை வைத்து இன்னொன்று.

```
U+0BB8 U+0BCD U+0BB0 U+0BC0
U+0BB6 U+0BCD U+0BB0 U+0BC0
```

பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவமாகக் காட்டும். ஆனால் தேடும்போது ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. ஒரு பெயர்ப்பட்டியலில் இரண்டும் கலந்திருந்தால் வரிசைப்படுத்தும்போதும் பெயர்கள் பிரிந்துபோகும். பட்டியல் தொடங்கும் முன்பே எதைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்து, மற்றதை மாற்றிவிடுங்கள். மரியாதைக்காக முன்னால் போடும் ஸ்ரீயாக இருந்தால் திரு போதும். இந்தச் சிக்கலே வராது. இலங்கையில் சிறீ என்று தமிழ் எழுத்திலேயே எழுதுவார்கள். அதிலும் இந்தத் தொல்லை இல்லை.

வடமொழி மந்திரங்களையும் சுலோகங்களையும் தமிழில் அச்சிடும்போது?

கிரந்தத்தைத் தாராளமாகப் போடுங்கள். அது தமிழ் வாக்கியம் அன்று. வடமொழியை ஓதுவதற்கான ஒலிக்குறிப்பு. ஓதுகிறவருக்கு ஷ, ஸ வேறுபாடு வேண்டும். கல்வெட்டையோ பழைய ஏட்டையோ பதிப்பிக்கும்போதும் மூலத்தில் இருப்பதை அப்படியே தர வேண்டும். திருத்தினால் ஆய்வாளருக்குச் சான்று போய்விடும்.

சுலோகத்துக்குக் கீழே பொழிப்புரை வரும். அந்த வரியிலிருந்து மொழி தமிழ். மேலே ‘ஹ்ருஷீகேச’ என்று அச்சிட்டிருந்தாலும், உரையில் நான் இருடீகேசன் என்றே எழுதுகிறேன்.